ஸ்லிப்பர் என்றால் எந்தச் செருப்பு?

"டாக்டர், வயதானவர்கள் வீட்டில் விழாமல் இருக்க என்ன செய்யணும் என்று ஒரு ஆங்கிலத் துண்டறிக்கையை வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பினான். 74 வயது அம்மாவுக்காகத் தமிழாக்கி சுவரில் ஒட்டினேன். 'பொருத்தமான ஸ்லிப்பர் அணியவும். இரவு விளக்கு பயன்படுத்தவும். தலைசுற்றல் தரும் மருந்துகளை மறுஆய்வு செய்யவும்.' அம்மா படித்துவிட்டு, 'இதெல்லாம் செஞ்சுக்கிட்டுதானே இருக்கேன்' என்கிறார். போன வாரம் ராத்திரி பாத்ரூம் வாசலில் சறுக்கிவிட்டார். எங்கே தவறு செய்தேன்?"

அம்மா சொன்னது உண்மைதான். நீங்கள் எழுதிய மூன்றையும் அவர் செய்துகொண்டிருக்கிறார், ஆனால் துண்டறிக்கை சொன்ன அர்த்தத்தில் அல்ல.

முதலில் ஸ்லிப்பர். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் போடுகிற, பாதத்தை மூடிய மெத்துச் செருப்பையும் அப்படிச் சொல்வார்கள். நம் ஊரில் ஸ்லிப்பர் என்றால் ரப்பர் செருப்பு. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய, குதிகாலில் வார் இல்லாத, அடி தேய்ந்த பிறகும் தூக்கிப்போட மனசு வராத அதே செருப்பு. ஈர டைல்ஸில் அதைத்தான் தவிர்க்க வேண்டும். அதனால் இப்படி எழுதுங்கள்: "வீட்டுக்குள் போட மட்டும் தனியாக ஒரு ஜோடி. குதிகாலைச் சுற்றி வார் இருக்கணும். அடிப்பாகம் மெத்தென்று தடிமனாக இல்லாமல், வரிவரியாகப் பிடிப்போடு இருக்கணும்." வீட்டுக்குள் செருப்பே கூடாது என்பவராக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். பாத்ரூமுக்கு மட்டுமாவது அந்த ஜோடி கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் சாக்ஸோடு டைல்ஸில் நடக்கவே கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்காலும் ஆகாது.

இரவு விளக்கு என்றதும் அம்மா படுக்கையறை ஜீரோ வாட் பல்பை நினைத்திருப்பார். அது எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் வெளிச்சம் பாத்ரூம் வாசல் வரை எட்டாது. வெளிச்சம் வேண்டிய இடம் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரையுள்ள தரை. பிளக்கில் செருகும் சின்ன விளக்கு ஒன்றைத் தாழ்வான இடத்தில் வழியில் வையுங்கள். நிலைப்படியின் விளிம்பில், தரையின் நிறத்துக்கு நேர்மாறான நிறத்தில் டேப் ஒட்டுங்கள். கரன்ட் போனால் கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் வேண்டும்.

மருந்துதான் மொழிபெயர்க்கக் கஷ்டமானது, ஆபத்தும் அதில்தான். "தலைசுற்றுகிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "மயக்கமா இருக்கு" என்றால் அது நான்கு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம்: அறையே சுழல்வது, எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவது, தூக்கக் கலக்கம், நடக்கும்போது தள்ளாடுவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதனால் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கும் மயக்கம் என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. விசாரித்தால், ராத்திரி இரண்டு மணிக்கு எழும்போது கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரையோடு, நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தார், அதனால் நடுராத்திரி எழ வேண்டியிருந்தது. படுக்கும் முன் ஒரு தூக்க மாத்திரை வேறு. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 138/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 112/70. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே கவனிக்க வேண்டும். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம், தூக்க மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம். வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் உங்கள் அம்மாவுக்கும் இப்படிப் பார்த்துக் குறித்து வாருங்கள். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளணும்.

"இந்த மாத்திரை விழ வைக்கும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படித்த அன்றே நிறுத்திவிடுவார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் எகிறும். பல நாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். "மறுஆய்வு" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்." சளி, அரிப்புக்கான சில மாத்திரைகளும் தூக்கக் கலக்கம் தரும்.

அப்புறம், எழுதி முடித்ததும் அம்மாவிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி முழிப்பு வந்தா என்னென்ன செய்வீங்க, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். விளக்கைப் போட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, செருப்பை மாட்டி, அப்புறம் எழுவேன் என்று அவர் வாயால் வருகிறதா பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.