லிங்க் உங்களுக்குத் திறந்தால் போதாது

கேள்வி: "மின்னஞ்சலில் மூன்று கோப்புகளை அனுப்புவதாக எழுதிவிட்டு இரண்டை மட்டும் அனுப்பிவிடுகிறேன். போதாததற்கு, லிங்க் திறக்கவில்லை என்றும் பதில் வருகிறது. அனுப்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?"

பதில்: முதலில் வரிசையை மாற்றுங்கள். பெரும்பாலோர் முகவரியை இட்டு, கடிதத்தை எழுதி, கோப்பைக் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். எழுதி முடித்த நிம்மதியில் அது நின்றுபோகிறது. கோப்புகளை முதலில் இணையுங்கள், பிறகு எழுதுங்கள், முகவரியைக் கடைசியில் இடுங்கள். கை தவறி பொத்தானை அழுத்தினாலும், முகவரி இல்லாத கடிதம் எங்கும் போகாது.

"ஆண்டறிக்கையும் செலவுக் கணக்கும் இணைத்துள்ளேன், படங்களுக்கான லிங்க் கீழே உள்ளது" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கடிதத்திலிருந்தே திறந்து பாருங்கள். கணினியில் உள்ள கோப்பைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. இணைத்த பிறகு கணக்கில் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால், கடிதத்தோடு போவது திருத்தாத பழைய பிரதிதான்.

லிங்க்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கூகுள் டிரைவில் நீங்கள் ஏற்றிய கோப்பு, நீங்கள் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்கு எப்போதும் திறக்கும். அனுமதி Restricted என்றிருந்தால், பெறுபவர் முன் அனுமதி கேட்கும் பக்கம்தான் வந்து நிற்கும். ஆகவே லிங்க்கை நகலெடுத்து, குரோமில் Ctrl+Shift+N அழுத்தினால் வரும் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கே படங்கள் தெரிந்தால், யாருக்கும் திறக்கும். ஆனால் அந்த 'யாருக்கும்' என்பதில், கடிதம் யார் யாருக்குக் கைமாறுகிறதோ அவர்களும் அடக்கம். சம்பளப் பட்டியல் போன்றவற்றுக்குப் பெறுபவரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்து அனுமதி கொடுங்கள். அப்போது மறைநிலைச் சாளரத்தில் திறக்காமலிருப்பதே சரி, அனுமதிப் பட்டியலில் அவருடைய முகவரி எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

file:/// அல்லது C:\ என்று தொடங்கும் லிங்க்கை அனுப்பவே அனுப்பாதீர்கள். அது உங்கள் கணினியில் உள்ள இடத்தைக் காட்டுவது, வேறெங்கும் திறக்காது.

கோப்பின் பெயரைப் பெறுபவரின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். "கணக்கு புதியது 2" என்பது உங்களுக்கு விளங்கும். அவருடைய பதிவிறக்கங்களுக்குள் அது யாருடைய கணக்கு, எந்த ஆண்டுக்குரியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "2025-03-14 செலவுக் கணக்கு" என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வைத்தால், பெயர்வரிசையில் அடுக்கும்போது தேதிவரிசையும் தானே அமைந்துவிடும். கடிதத்திலும் அதே பெயரையே எழுதுங்கள். லிங்க்குக்கு மேலே, அது எதைத் திறக்கும் என்று ஒரு வரி இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று விடுபட்டால், விடுபட்டதை மட்டும் தனியே அனுப்பாமல், அதே கடிதத்துக்கு மறுமொழியாக மூன்றையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். முந்தையதை விட்டுவிடலாம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.