பயோவில் எமோஜியும் ஸ்டைல் எழுத்தும் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது?

கேள்வி: சின்னதாக ஒரு தொழில் செய்கிறேன். இன்ஸ்டாகிராம் பயோவில் ஸ்டைலான ஆங்கில எழுத்து, எமோஜி, கோடு எல்லாம் போட்டிருக்கிறேன். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர் ஒருவர் "எதுவுமே புரியவில்லை" என்கிறார். எதை எடுக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்:

என் தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அவள் பயோவில் நானே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். முதலில் இப்படி வைத்திருந்தாள்:

```
✨ 𝓗𝓸𝓶𝓮 𝓒𝓪𝓴𝓮𝓼 ✨
━━━━━━━━━
🎂🎂 வீட்டுக் கேக்
📍 முத்தியால்பேட்டை 👇👇👇
```

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு கல்லூரி நண்பன். பார்வை கிடையாது, போனில் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான் எல்லாம் படிப்பான். பிறந்தநாளுக்குக் கேக் சொல்லலாமே என்று இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது: "டேய், தங்கச்சி கேக் விக்கிதா, கணக்கு டியூஷன் எடுக்குதா?" ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். "ஸ்பார்க்கிள்ஸ், மேத்தமேட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் கேபிடல் ஹெச், மேத்தமேட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் ஸ்மால் ஓ..." என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்பது எழுத்துப் பெயருக்கு ஒன்பது முறை இந்தப் பாட்டு.

காரணம் என்னவென்றால், அது ஃபாண்ட்டே இல்லை. கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் 2001இல் கணிதக் குறியீடுகளுக்கென்று ஒரு தொகுதி சேர்த்தார்கள். சமன்பாட்டில் சாதா H ஒரு பொருளிலும், சாய்வெழுத்து H வேறொரு பொருளிலும் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். "ஸ்டைல் டெக்ஸ்ட்" தளங்கள் நம் பெயரை எடுத்து, அதே சாயலில் இருக்கும் கணிதக் குறிகளை மாற்றி வைத்துத் தருகின்றன. கண்ணுக்கு அது H, மெஷினுக்கு அது வேறு சரக்கு. சில ஸ்க்ரீன் ரீடர்கள் குறியின் முழுப் பெயரையும் வாசிக்கும். சில வாசிக்காமலே தாண்டிவிடும், அது இன்னும் மோசம்: கடைக்குப் பெயரே இல்லாமல் போய்விடும். கணினியில் பலர் பயன்படுத்தும் NVDA என்ற ஸ்க்ரீன் ரீடரில் 2024இலிருந்து இதைச் சாதா எழுத்தாக மாற்றி வாசிக்க ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அது கேட்பவர் கணினியில் போடப்பட்டிருக்க வேண்டும், அதை நம்பி நாம் எழுத முடியாது.

இரண்டாவது அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு விற்பனைக் கண்காட்சிக்கு ஆன்லைன் படிவத்தில் பெயரையும் பயோவையும் அப்படியே ஒட்டி அனுப்பினாள். ஸ்டால் அட்டை அச்சாகி வந்தபோது பெயர் இருந்த இடத்தில் `???? ?????` என்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கீழே தமிழில் இருந்த "வீட்டுக் கேக்" ஒரு புள்ளி பிசகாமல் வந்திருந்தது. தமிழ்தானே வழக்கமாக உடையும்!

இதற்கும் காரணம் உண்டு. யூனிகோடு எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான UTF-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் இடம் வேண்டும். இந்தக் கணித எழுத்துகளுக்கும், 🎂 போன்ற பெரும்பாலான எமோஜிகளுக்கும் நான்கு பைட். படிவத்தில் வரும் தகவலைச் சேமிக்கும் MySQL மென்பொருளின் பழைய அட்டவணைகளில் `utf8` என்று போட்டிருந்தால் அது மூன்று பைட் வரைதான் தாங்கும், நான்குக்கு `utf8mb4` வேண்டும். தாங்காத இடத்தில் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகும். அல்லது அந்த எழுத்திலிருந்து பின்னால் உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். படிவத்தையே ஏற்காமல் பிழை காட்டுவதும் உண்டு. இங்கே நடந்தது முதல் வகை.

இதைச் சரிசெய்ய "நோட்பேடில் ஒட்டி மறுபடி காப்பி பண்ணு, சாதாவாகிவிடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆகாது. நோட்பேட் நீக்குவது நிறம், தடிமன் போன்ற அலங்காரத்தை. இங்கே எழுத்தே வேறு, அது அப்படியே வந்து உட்காரும். சின்னப் பெயர் என்றால் கையால் திரும்பத் தட்டுவதுதான் நல்லது. நிறைய இருந்தால் பைத்தானில் ஒரு வரி போதும்:

```
import unicodedata
print(unicodedata.normalize("NFKC", "𝓗𝓸𝓶𝓮 𝓒𝓪𝓴𝓮𝓼"))
```

`Home Cakes` என்று வரும். ஆனால் ʜᴏᴍᴇ மாதிரி குட்டிப் பெரிய எழுத்துகளும், தலைகீழ் எழுத்துகளும் இதில் மாறாது. அவை உச்சரிப்புக் குறிகளிலிருந்தும் அங்கங்கேயிருந்தும் பொறுக்கி எடுத்தவை, அவற்றுக்குச் சாதா வடிவம் என்று யூனிகோடில் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே மாற்றிய பிறகும் ஒரு முறை காதால் கேட்க வேண்டும்.

கேட்பது சுலபம். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் டாக்பேக் இருக்கும். போடுவதற்கு முன் அணைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், நான் முதல் நாள் பத்து நிமிடம் திணறினேன். அது ஓடும்போது ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால்தான் பக்கம் நகரும்.

எமோஜி விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, அதை வாசிக்கும், அவ்வளவுதான். 🎂 வந்தால் "பர்த்டே கேக்", பரவாயில்லை. ஆனால் 👇 வந்தால் "பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் டவுன்", மூன்று போட்டால் மூன்று தடவை. வரி தொடக்கத்தில் வைத்தால் விஷயத்துக்கு முன்னால் அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். 📍க்கு வரும் "ரவுண்ட் புஷ்பின்" என்பதைக் கேட்டு ஒருவருக்கு முகவரி என்று எப்படித் தோன்றும்? கோட்டையும் எடுத்துவிடுங்கள். அதன் வேலையைப் புதுவரியும் முற்றுப்புள்ளியும் செய்யும், முற்றுப்புள்ளியில் குரல் கொஞ்சம் நிற்கும்.

கடைசியில் வந்து நின்றது இது:

```
Home Cakes, ஹோம் கேக்ஸ்.
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
வீட்டில் செய்யும் கேக். முட்டை இல்லாததும் உண்டு.
ஆர்டருக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லவும். 🎂
```

பெயரை இரண்டு எழுத்திலும் போட்டது வேண்டுமென்றே. தமிழ்க் குரல் நிறுவாத போன், தமிழ் வரியை விட்டுவிட்டுப் போகலாம். அப்போது ஆங்கிலப் பெயராவது காதில் விழும். இன்ஸ்டாகிராம் தருவது 150 எழுத்து, இது மயிரிழையில் அடங்கியது. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும், "மு" என்றால் இரண்டு. கடைசி எமோஜி தங்கையின் பிடிவாதம், எல்லாம் சொல்லி முடித்த பிறகு வருவதால் விட்டுவிட்டேன். படிவங்களுக்கு மட்டும் அதையும் எடுத்த பிரதி ஒன்றை போன் நோட்ஸில் வைத்திருக்கிறாள்.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. டிடிபி கடையில் விசிட்டிங் கார்டுக்குத் தட்டியதை வாங்கி ஒட்டாதீர்கள். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்டில் தட்டியிருந்தால் "தமிழ்" என்பது உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கும். ஸ்க்ரீன் ரீடர் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். NHM கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அப்புறம், பயோவைத் திருத்திவிட்டுப் பெயர்ப் பெட்டியை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டோம். நண்பனுக்குத் திரும்ப அனுப்பியபோது பயோ சுத்தமாக வாசித்தது, அதற்கு மேலே பெயர் இருந்த இடத்தில் மட்டும் மறுபடியும் "மேத்தமேட்டிக்கல் போல்ட்".