தவணையைக் குறைக்கக் கோரும் கடிதத்தில் பகுதிநேர வருமானத்தையும் எழுத வேண்டுமா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. கடன் பாக்கி 12,00,000. ஆண்டு வட்டி 10 சதவீதம். மாதத் தவணை 18,000. மனைவியின் சம்பளம் 22,000. நான் டியூஷன் எடுத்து மாதம் 7,000, 11,000, 9,000 என்று சம்பாதித்தேன். தவணையைக் குறைக்கக் கேட்டு எழுதும் கடிதத்தில் டியூஷன் வருமானத்தை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்பார். அதில் இருக்கும் வரவு கடிதத்தில் இல்லையென்றால், கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஏற்கப்பட்ட பிறகு தெரியவந்தாலோ, தவறான தகவலின் பேரில் பெற்ற சலுகை என்று அதை ரத்து செய்ய நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள். மேலும், டியூஷன் வருமானம்தான் உங்களால் ஏதோ ஒரு தொகையைத் தவறாமல் கட்ட முடியும் என்பதற்குச் சான்று.

மூன்று மாத வரவையும் உள்ளபடியே எழுதி, அது நிலையான வருமானம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் கட்டக்கூடிய தொகையைக் கணக்கிடும்போது மிகக் குறைந்த மாதமான 7,000-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது குடும்ப வருமானம் 29,000 ஆகிறது. தவிர்க்க முடியாத செலவு 18,000 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 11,000. உங்கள் கடனுக்கு மாத வட்டி மட்டும் 10,000 என்பதால், இந்தத் தொகை வட்டியை அடைத்து அசலிலும் சிறிது குறைக்கும். 8,000 என்று கேட்டிருந்தால் மீதி வட்டி அசலோடு சேர்ந்து, மாதந்தோறும் கட்டிக்கொண்டிருந்தும் கடன் வளர்ந்துகொண்டே போயிருக்கும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இது.

கடிதத்தின் மையப் பகுதி இப்படி அமையலாம்: "பணிநீக்கத்தால் என் சம்பளம் நின்றுவிட்டது. தற்போதைய குடும்ப வருமானமும் செலவும் இணைப்பில் உள்ளன. அடுத்த 6 மாதங்களுக்கு மாதம் 11,000 செலுத்தவும், அதன்பின் மீதிக் கடனுக்கு ஏற்பத் தவணைக் காலத்தை நீட்டிக்கவும் அனுமதி கோருகிறேன். வேறு வேலை கிடைத்தால் உடனே தெரிவிப்பேன்." பணிநீக்கக் கடிதம், மனைவியின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். வேலையை விட்டபோது மொத்தமாக ஏதும் பணம் பெற்றிருந்தால், அதையும் ஒருமுறை வந்த தொகை என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

கடிதம் கொடுத்ததாலேயே ஒப்பந்தம் மாறிவிடாது. எழுத்துப்பூர்வமான சம்மதம் வரும்வரை பழைய தவணையே சட்டப்படி நிற்கும். ஆகவே அடுத்த தவணை நாளுக்கு முன்பே கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை முடிந்த தொகையைச் செலுத்தி ரசீது வைத்திருங்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், சம்மதம் வந்ததும் அதிலுள்ள தொகையையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய 18,000-ஐயே பிடிக்க முயன்று, கணக்கில் பணம் போதாமல் திரும்பி, அபராதம் சேரும். கடனுக்கு ஜாமீன்தாரர் இருந்தால், புதிய நிபந்தனைகளுக்கு அவருடைய கையெழுத்தும் கேட்கப்படலாம் என்பதால் அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.