கல் மோதிரத்துக்கு 18 கரட்டா, 22 கரட்டா?

“தினமும் போடும் 22 கரட் மோதிரத்தில் கல் ஆடுகிறது. புதியதை 18 கரட்டில் செய்தால் விற்கும்போது நட்டமா?”

கல் மோதிரத்துக்கு 18 கரட்டே நல்லது. கல்லில்லாத சங்கிலி, காப்பு 22 கரட்டிலேயே இருக்கட்டும்.

22 கரட்டில் 91.6 வீதம் தங்கம் இருப்பதால் அது மென்மையானது, அதனால் கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகள் எளிதில் நிமிர்ந்திருக்கலாம். கல்லின்மேல் பருத்தி நூலொன்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிக்கினால் கொக்கி எழும்பிவிட்டது, அதைச் சரிசெய்யும்வரை அணியாதீர்கள்.

விற்கும்போது தங்கத்துக்கே விலை: 8 கிராம் பவுணில், 22 கரட்டென்றால் 7.33 கிராமும் 18 கரட்டென்றால் 6 கிராமும் தூய தங்கம் இருக்கும். வாங்கும்போதும் அதற்கேற்பக் குறைவாகவே கொடுப்பீர்கள் என்பதால், அந்த வித்தியாசம் மட்டும் நட்டமாகாது, கூலிதான் திரும்பாது.

ஆனால் செட்டியார் தெருவில் வாங்குமுன், 18 கரட்டை என்ன விலைக்கு மீள எடுப்பார்கள் என்று கேட்டு, 18 கரட்டைக் குறிக்கும் 750 முத்திரையைப் பார்த்து, கல்லின் நிறையைக் கழித்த தங்க நிறையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.