வெள்ளிக்கிழமை ஏற்றமும் ஏழு நாள் கூட்டுத்தொகையும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் இட்லி, தோசை மாவுக் கடை வைத்திருக்கிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை முதல் வாரம் விற்றது 60, 55, 58, 62, 75, 110, 120 கிலோ. மறு வாரம் 57, 52, 55, 60, 72, 108, 118 கிலோ. மறு வாரம் வியாழன் மாலை அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் நோட்டீஸ் கொடுத்தேன். வெள்ளி முதலே விற்பனை ஏறியது, ஆனால் அடுத்த திங்களன்று மீண்டும் இறங்கிவிட்டது. நோட்டீஸ் பலன் தந்ததா? தினமும் எதைப் பார்த்து வியாபாரத்தின் போக்கை அறிவது?

— அல்சூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வியாழன் 60, வெள்ளி 72, சனி 108 என்று அடுத்தடுத்த நாட்களை ஒப்பிடும்போது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கிழமையைத்தான். வார இறுதிக்கு மாவு வாங்கும் வீடுகள் நோட்டீஸ் இல்லாத முதல் வாரத்திலும் அப்படித்தான் வாங்கியிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு நாளும் கடை மூடியபின், அன்றையதோடு முந்தைய ஆறு நாட்களின் விற்பனையையும் சேர்த்துக் கூட்டி, அந்த ஒரு தொகையை எழுதிவையுங்கள். எந்த நாளில் கூட்டினாலும் அதில் ஒரு திங்கள், ஒரு செவ்வாய் என எல்லாக் கிழமைகளும் ஒவ்வொரு முறை இருக்கும் என்பதால், கிழமையால் வரும் ஏற்ற இறக்கம் அதில் தெரியாது.

உங்கள் முதல் ஞாயிறன்று இந்தத் தொகை 540 கிலோ. அடுத்த நாள் முதல் அது 537, 534, 531, 529, 526, 524, 522 என்று ஒரு நாள்கூட ஏறாமல் இறங்குகிறது. காரணம் எளிது: திங்களன்று புதிய 57 உள்ளே வரும்போது பழைய திங்களின் 60 வெளியேறுகிறது. அதாவது, இந்தத் தொகை ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறதோ, அது இன்றைய விற்பனைக்கும் போன வாரம் இதே கிழமையின் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. நோட்டீஸுக்குப் பிந்தைய வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் முறையே 3, 2, 2 கிலோ குறைந்திருக்கின்றன. அதற்கு முன்பும் நாளுக்கு இரண்டு மூன்று கிலோ குறைந்துகொண்டுதான் இருந்தது. நோட்டீஸால் விற்பனை கூடியதற்கு இந்த மூன்று நாட்களில் அடையாளம் இல்லை என்பதே என் கணிப்பு. ஆயினும் அடுத்த வியாழன் வரை பொறுத்துப் பாருங்கள். வெள்ளி முதல் வியாழன் வரையிலான ஏழு நாட்களும் நோட்டீஸுக்குப் பிந்தையவையாக ஆவது அன்றுதான், அதுவரை பழைய நாட்களும் தொகையில் கலந்தே இருக்கும்.

இந்தத் தாமதத்தை விட அதிகம் ஏமாற்றுவது மொத்த ஆர்டர். ஒரு புதன்கிழமை கல்யாண வீட்டுக்கு 40 கிலோ கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்றால், அன்று தொகை 40 ஏறி, அந்த ஏற்றம் அடுத்த செவ்வாய் வரை நிற்கும். மறு புதனன்று கடையில் வழக்கம்போல் வியாபாரம் நடந்தாலும் தொகை 40 சரியும். சரிவைக் கண்டவுடன் அன்று வந்த எண்ணை மட்டும் பார்க்காமல் வெளியேறிய எண்ணையும் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மொத்த ஆர்டரைத் தனிப் பத்தியில் எழுதி, சில்லறை விற்பனைக்கு மட்டும் இந்தக் கூட்டலைப் போடுவது என் விருப்பம்.

கணினியில் எழுதும்போது இன்னொரு பிழை நேரும். கடை மூடியிருந்த செவ்வாய்க்கு வரியே எழுதாமல் விட்டுவிட்டு, கடைசி ஏழு வரிகளைக் கூட்டினால், ஞாயிறன்று கிடைக்கும் தொகையில் செவ்வாய் இருக்காது, ஞாயிறு இரண்டு முறை இருக்கும். 50 கிலோ நாளின் இடத்தில் 120 கிலோ நாள் வந்து உட்கார, விற்பனை திடீரெனப் பெருகியது போலத் தோன்றும். எனவே வரிகளை எண்ணாமல் தேதியை வைத்துக் கூட்டுங்கள். முதல் வரி தலைப்பு, A பத்தியில் தேதி, B பத்தியில் கிலோ என்று கொண்டால், ஏழாம் நாளுக்குரிய C8 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=SUMIFS(B:B,A:A,">"&A8-7,A:A,"<="&A8)
```

முதல் ஆறு நாட்களுக்கு இந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஏனெனில் அவற்றுக்கு முழு வாரம் கிடையாது. கடை மூடிய நாளுக்குத் தேதி எழுதி 0 இடுங்கள். விற்றும் எழுத மறந்த நாளுக்கு மட்டும் 0 இடாதீர்கள். அந்த நாள் உள்ளே இருக்கும் ஏழு தொகைகளையும் நம்ப வேண்டாம்.

மாத முதல் வாரத்தில் சம்பளம் வந்தவுடன் கூடும் விற்பனையை இந்தக் கூட்டல் நீக்காது. அதற்கு 5ஆம் தேதியின் தொகையைப் போன மாதம் 5ஆம் தேதியின் தொகையோடு ஒப்பிடுங்கள். உங்கள் இரு வாரங்கள் மாதத்தின் எந்தப் பகுதியில் விழுந்தன என்று நீங்கள் எழுதவில்லை. முதலாவது சம்பள வாரமாக இருந்தால், 540 கிலோ 522 ஆனதற்கு அதுவே போதிய காரணமாக இருக்கக்கூடும்.