ரயில்தான் சிக்கனம் என்பது மட்டக்களப்புப் பாதைக்குப் பாதி உண்மை

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போக ரயில், பஸ், கார், விமானம் இந்த நாலில் ஒருவருக்கு ஒரு கிலோமீற்றருக்கு எதில் எரிபொருள் குறைவு? ரயில்தான் என்று கூட்டாளி அடித்துச் சொல்கிறான்.

நிறைந்த பஸ். அதற்குப் பிறகுதான் ரயில், அதுவும் ஆட்கள் இருந்தால். உங்கள் கூட்டாளி இணையத்தில் ஏதோ ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்திருப்பார். அது மின்சார ரயிலின் கணக்கு. நம்முடையது முழுக்க டீசல். ரயிலுக்கு எதிரானவன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல், பெற்றோலில் 32, விமான மண்ணெண்ணெயில் 35. சுத்திகரிப்பிலும் கொண்டுவருவதிலும் போவதை நான் சேர்க்கவில்லை, நாலுக்கும் அது ஏறக்குறைய ஒரே விகிதம்தான்.

எஞ்சினோடு எட்டுப் பெட்டி கொண்ட ரயிலுக்குக் கிலோமீற்றருக்கு 3 லீற்றர் என்று வைப்போம். மாகோ வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 348 கிலோமீற்றர், ஆக 1,050 லீற்றர் போகும். 400 பேர் கடைசிவரை இருந்தால் தலைக்கு 2.6 லீற்றர், அதாவது கிலோமீற்றருக்கு 0.27 மெகாஜூல். ஹபரண வழியாக றோட்டில் 315 கிலோமீற்றர்தான். லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றர் ஓடும் சாதாரண பஸ்ஸுக்கு 90 லீற்றர் போதும். 50 பேர் இருந்தால் தலைக்கு 1.8 லீற்றர், 0.21 மெகாஜூல். ஏசி பஸ் என்றால் லீற்றருக்கு 3 கிலோமீற்றர், 45 சீற், தலைக்கு 2.3 லீற்றர். அப்போதும் ரயிலுக்குக் கீழேதான்.

இரும்புச் சில்லு தண்டவாளத்தில் உருளும்போது இழுவை மிகக் குறைவு, ரயர் றோட்டில் உருளுவதில் கால்வாசி இருக்கலாம். அப்படியிருந்தும் ரயில் ஏன் பின்தங்குகிறது? பாரம். எஞ்சின் மட்டும் 110 தொன்னுக்கு மேல். பெட்டிகளோடு சேர்த்தால் 400 தொன். 400 பேருக்கு 400 தொன் என்றால் ஆளுக்கு ஒரு தொன். பஸ்ஸில் ஆளுக்கு 300 கிலோதான். சில்லில் மிச்சம் பிடித்ததை இந்தப் பாரம் சாப்பிட்டுவிடுகிறது.

அது வெளிச்சமாகத் தெரிவது ரயில் நிற்கும்போது. 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 400 தொன் ரயிலின் இயக்க ஆற்றல் சுமார் 75 மெகாஜூல். பிரேக் பிடித்தால் அத்தனையும் சூடாகிப் போய்விடும். திரும்ப அந்த வேகத்துக்கு வர, டீசலின் ஆற்றலில் 30 வீதம்தான் சில்லுக்குப் போய்ச் சேரும் என்று எடுத்தால், 7 லீற்றர் டீசல் வேண்டும். ஒரு தடவை நிற்பதற்கு! 15 தொன் பஸ் 60இல் ஓடி நின்று எழும்ப இருநூறு மில்லிலீற்றர்கூட வேண்டாம். யானைக்காக ஓட்டமாவடிக்கு அப்பால் காட்டுப் பகுதிகளில் வேகத்தைக் குறைக்கிறார்களே, 70இலிருந்து 20க்கு இறங்கி ஏறினாலும் கிட்டத்தட்ட அதே ஏழு லீற்றர்தான். குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கல்லோயாப் பக்கம் 2025 பெப்ரவரியில் எத்தனை யானை செத்தது என்று எல்லாருக்கும் தெரியும். கணக்கில் அது எங்கே வருகிறது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் ரயிலுக்காகக் காத்து நிற்கும்போதும் எஞ்சின் சும்மா ஓடி மணிக்கு 15, 20 லீற்றர் குடிக்கும்.

இன்னொரு பிழை ஆள் எண்ணுவதில் வரும். விற்ற ரிக்கற்றை எண்ணக்கூடாது, ஆள் எத்தனை கிலோமீற்றர் போனார் என்பதைக் கூட்டவேண்டும். மட்டக்களப்பிலிருந்து மாகோ வரை 212 கிலோமீற்றருக்குச் சராசரி 150 பேர், அங்கிருந்து கொழும்புவரை 136 கிலோமீற்றருக்கு 450 பேர் என்று வையுங்கள். 31,800உம் 61,200உம் சேர்ந்து 93,000 பயணி கிலோமீற்றர். தூரத்தால் பிரித்தால் சராசரி 267 பேர். ரிக்கற் கணக்கில் 600 பேர் என்று ஒருவர் பெருமையாகச் சொல்லலாம், ஆனால் தலைக்குச் செலவு 3.9 லீற்றர், 0.41 மெகாஜூல். பாதி காலியான பஸ்ஸோடு சமம்.

சிறிய ஹைபிரிட் கார் லீற்றருக்கு 20 ஓடினால் தனியாளுக்கு 1.6 மெகாஜூல், நாலு பேருக்கு 0.4. அதாவது நாலு பேர் போகும் கார், நான் மேலே சொன்ன அந்த அரைகுறை ரயிலுக்குச் சமம்.

வான்தான் எனக்குக் கோபம் வரும் இடம். வெளிநாடு போகிற ஒருவரைக் கட்டுநாயக்காவில் இறக்க ஹயருக்கு வான் பிடிக்கிறார்கள். 300 கிலோமீற்றர், லீற்றருக்குப் 10, ஆக 30 லீற்றர். ஆனால் வான் வெறுமையாகத் திரும்பி வரும், அதற்கும் 30. சாரதி பயணி இல்லை, அவரை எண்ணக்கூடாது. போகிறவரும் வழியனுப்பப் போன தம்பியும், தம்பி திரும்ப வருவார் என்றாலும், போக 2 பேர், வர 1 ஆள், மொத்தம் 900 பயணி கிலோமீற்றருக்கு 60 லீற்றர். கிலோமீற்றருக்கு 2.4 மெகாஜூல். பஸ்ஸில் போனால் வருவதைவிடப் பத்து மடங்குக்கு மேல்! வீடு நிறைய எட்டுப் பேராகப் போய் ஏழு பேர் திரும்பினால் 0.48தான், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

விமானத்தில் எந்த விமானம் என்று கேட்கவேண்டும். மட்டக்களப்புக்கு வருவது 8 பேர் ஏறும் செஸ்னா கேரவன் வகை, மணிக்கு 190 லீற்றர் அளவில் எரிக்கும். நேர்கோட்டில் 220 கிலோமீற்றரை ஒரு மணிக்குள் முடித்தாலும் நிறைந்த நிலையில் தலைக்கு 24 லீற்றர், கிலோமீற்றருக்கு 3.8 மெகாஜூல். நாலு பேர் என்றால் இரட்டிப்பு. 180 சீற் ஏ320 நீண்ட பறப்பில் சீற்றுக்கு 100 கிலோமீற்றருக்கு இரண்டரை, மூன்று லீற்றர்தான் எடுக்கும், அதாவது 1 மெகாஜூல் சுற்றுவட்டாரம். ஏறும்போது எரிவதை நீண்ட தூரத்தில் பங்குபோட முடிகிறது. அட்டவணையில் விமானம் காருக்குப் பக்கத்தில் நிற்பது அதனால்தான், நம்ம ஊர்ப் பறப்புக்கு அந்த எண் பொருந்தாது.

கிலோமீற்றர் கணக்கே ஏமாற்றும் என்பதையும் கவனியுங்கள். கொழும்பு ஒன்றுதான், ஆனால் ரயிலுக்கு 348, பஸ்ஸுக்கு 315, விமானத்துக்கு 220. கிலோமீற்றரால் பிரித்தால் சுற்றிப் போகிற ரயில் நல்லதாகத் தெரியும். கூட்டாளியோடு வாதாட வேண்டுமென்றால் பயணத்துக்குத் தலைக்கு எத்தனை லீற்றர் என்று கேளுங்கள்.

வண்டி எவ்வளவு எடுக்கிறது என்று தெரியாவிட்டால் ஷெட்டில் டாங்கி வாய்வரை நிரப்புங்கள், ஓடி முடிந்து அதே பம்பில் அதே மட்டத்துக்கு நிரப்பி, ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரியுங்கள். டாஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பவேண்டாம், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து இரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் சொகுசு பஸ்களில் சனமில்லாத நாட்களில் பாதி சீற் காலி. இரண்டை ஒன்றாக்கினால் மிச்சமாகும் ஒரு நூறு லீற்றரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் பேர்மிற் ஆளுக்கொன்று.