சாம்பல் நிறக் கண்ணாடி போட்டும் அறை ஏன் சுடுகிறது?

கேள்வி: டர்பனில் எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு 6 மி.மீ. சாம்பல் நிறக் கண்ணாடி மாற்றினோம். வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது, சூடு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏன்? உள்ளே வரும் வெப்பத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நான் டர்பனில் ஏசி அளவு கணக்கிடும் வேலையில் இருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான்.

கண்ணாடியில் விழும் வெயில் மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு நேரே உள்ளே நுழைகிறது, ஒரு பங்கு திரும்பி வெளியே போகிறது, மீதியைக் கண்ணாடியே உறிஞ்சிக்கொள்கிறது. மூன்றையும் கூட்டினால் விழுந்த வெயில் முழுதும் வந்தாக வேண்டும். நிறக் கண்ணாடி உங்களுக்குச் செய்தது என்னவென்றால், நுழையும் பங்கைக் குறைத்து உறிஞ்சும் பங்கைக் கூட்டியது. திருப்பி அனுப்பும் பங்கை அது கூட்டவே இல்லை.

உங்கள் ஜன்னல் 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு மேற்குக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று எடுத்தால், மொத்தம் 1200 வாட் விழுகிறது. பழைய தெளிந்த கண்ணாடியில் ஏறக்குறைய 78 சதவீதம் நுழையும், 15 உறிஞ்சப்படும், 7 திரும்பும். சாம்பல் கண்ணாடியில் 46 நுழையும், 49 உறிஞ்சப்படும், 5 திரும்பும். வாட்டில் சொன்னால், நுழைந்தது 936-இலிருந்து 552-க்கு இறங்கியது. உறிஞ்சியதோ 180-இலிருந்து 588-க்கு ஏறியது.

அந்த 588 வாட் எங்கே போகும்? கண்ணாடி சுட்டு, இரண்டு பக்கமும் வெப்பத்தை விடும். எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை இரு பக்கக் காற்றும் கதிர்வீச்சும் தீர்மானிக்கின்றன. உள்பக்கத்துக்கு 8, மிதமான காற்று வீசும் வெளிப்பக்கத்துக்கு 22 என்று வைப்பது வழக்கம் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு வாட்). அப்படியானால் உறிஞ்சியதில் உள்ளே வரும் பங்கு 8/30, அதாவது 0.27. கீழே அதுதான் N; நேரே நுழையும் பங்கு τ, உறிஞ்சும் பங்கு α. விழும் வெயிலில் மொத்தம் எவ்வளவு பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதுதான் SHGC.

```
SHGC = τ + N × α
தெளிந்தது: 0.78 + 0.27 × 0.15 = 0.82
சாம்பல்:   0.46 + 0.27 × 0.49 = 0.59
```

1200-ஆல் பெருக்கினால் தெளிந்த கண்ணாடிக்கு ஏறக்குறைய 985 வாட், சாம்பலுக்கு 710. நேரே நுழையும் வெயில் 41 சதவீதம் குறைந்தும், மொத்த வெப்பம் 28 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு விடை இந்த இடைவெளிதான்.

வெளியே 31 டிகிரி, உள்ளே 26 என்றால், காற்றின் வெப்ப வித்தியாசத்தால் கண்ணாடி வழியே வருவது இன்னும் ஒரு 57 வாட். அது தனிக் கணக்கு, வெயில் இல்லாவிட்டாலும் வரும். கடைசியில் கூட்டிக்கொள்ளுங்கள், மேலே உள்ள வாய்பாட்டுக்குள் கலக்க வேண்டாம்.

காற்று அடங்கிய மாலையில் நிலைமை மோசமாகும். வெளிப்பக்க எண் 22-இலிருந்து 10-க்கு விழுந்தால் உள்வரும் பங்கு 0.44 ஆகிறது, சாம்பல் கண்ணாடி 710-க்குப் பதில் ஏறக்குறைய 810 வாட் தரும். கண்ணாடியும் இருபக்கக் காற்றைவிடச் சுமார் 16 டிகிரி அதிகமாகச் சுடும். தெளிந்த கண்ணாடியென்றால் 5 டிகிரிதான். நான்கு மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்தச் சதவீதங்கள் வெயில் கண்ணாடிக்கு நேராக விழும்போது பொருந்துபவை. சாய்வு 60 டிகிரியைத் தாண்டினால் திரும்பும் பங்கு வேகமாக ஏறும். இந்தியப் புத்தகங்களில் தெற்கு ஜன்னலுக்குச் சொல்வதை இங்கே வடக்கு ஜன்னலுக்குப் படிக்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் வடக்கு ஜன்னலில் வெயில் உரசிக்கொண்டு போய்விடும். மாலையில் இறங்கிவரும் சூரியன் மேற்கு ஜன்னலைத்தான் நேருக்கு நேர் பார்க்கிறது.

அடுத்த முறை கண்ணாடியின் கருமையைப் பார்த்து வாங்காதீர்கள். வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதனால் 6 மி.மீ. பச்சைக் கண்ணாடி சாம்பலைவிட நல்ல வெளிச்சம் விட்டும் ஏறக்குறைய அதே 0.6-இல் நிற்கிறது. கடையில் SHGC எண்ணைக் கேளுங்கள். இங்குள்ள SANS 10400-XA கட்டடத் தரமும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. இப்போதுள்ள கண்ணாடியையே வைத்துக்கொள்வதென்றால் வெளியே ஒரு மறைப்புப் போடுங்கள். வெயில் கண்ணாடியைத் தொடாவிட்டால் உறிஞ்சவும் ஒன்றும் இல்லை.

உள்ளே கறுப்பு ஃபிலிம் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அக்கா வீட்டில் ஒருவர் அப்படி ஒட்டிக் கொடுத்தார். அக்கா அதற்குப் பின்னால் கனத்த திரையும் போட்டிருந்தாள். ஒரு மாலை கண்ணாடி தானாகவே விரிசல் விட்டது. கல் பட்டதாக நினைத்தார்கள். கல் பட்டால் பட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் கீறல் ஓடும். இது சட்டத்தின் ஓரத்தில், ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கி, பிறகு வளைந்து போயிருந்தது. நடுப்பகுதி சுட்டு விரிய, சட்டத்துக்குள் ஒளிந்த ஓரம் குளிர்ந்தே இருந்ததால் வந்த விரிசல் அது.